இலைக் கணக்கும் உலைக் கணக்கும்

கல்யாண வீட்டில் சமைப்பவருக்கு எத்தனை பேருக்குப் பத்திரிகை போயிருக்கிறது என்று தெரியும். விடுதியில் சமைப்பவருக்குத் தங்கியிருப்பவர்களின் எண்ணிக்கை தெரியும். ஓட்டல்காரர், சோறு தீர்ந்துவிட்டால் ‘சாப்பாடு இல்லை’ என்று பலகையைத் திருப்பி வைத்துவிடலாம். பசித்து வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் சோறு போடும் கூடத்துக்கு இந்த மூன்று வசதியும் கிடையாது. இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. வந்தவரை இல்லையென்று திருப்பி அனுப்பவும் மனம் வராது.

வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியது 1867 மே 23 அன்று. அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அவர் வழியில் நடக்கும் சன்மார்க்க சங்கங்கள் பல ஊர்களில் மதிய வேளையில் சோறு போடுகின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டமும் நடக்கிறது. இவற்றில் எதற்குப் போனாலும் நம் கண்ணில் படுவது பந்தியும் பரிமாறுகிறவர்களும்தான். ஆனால் நாளைக்கும் அந்தப் பந்தி நடக்குமா என்பதை முடிவு செய்வது பின்கட்டில் இருக்கும் உக்கிராணம். அரிசி மூட்டையும் பருப்புச் சாக்கும் எண்ணெய் டின்னும் அடுக்கிய அந்த அறையில், ஆணியில் தொங்கும் ஒரு நீள நோட்டுதான் முழுக் கூடத்தையும் தாங்குகிறது.

அந்த நோட்டை எப்படி எழுதுவது என்று புரிந்துகொள்ள, நாளுக்கு 200 பேர் போல மதியம் சாப்பிடும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். மாதம் முப்பது நாளும் அடுப்பு எரிகிறது.

முதல் வேலை, தலையை எண்ணுவது. கேட்டால் பல இடங்களில் “இன்னிக்கு இருநூறு, இருநூத்தைம்பது பேர் இருக்கும்” என்பார்கள். இந்த ‘இருக்கும்’ கணக்குக்கு உதவாது. கோயில்களில் டோக்கன் கொடுப்பதால் எண்ணிக்கை தானாகவே கிடைக்கிறது. டோக்கன் இல்லாத கூடத்தில் இலை இருக்கிறது. காலையில் நூறு நூறாகக் கட்டிய மூன்று கட்டு இலையை எடுத்து வைத்தார்கள், பந்தி முடிந்தபோது 88 இலை மீதி, கிழிந்து ஒதுக்கியது 8. ஆக, சாப்பிட்டவர்கள் 204 பேர். வாசலில் ஆள் நிறுத்தி எண்ணுவதைவிட இது சரியாக இருக்கும், ஏனென்றால் பரிமாறும் அவசரத்தில் யாரும் இலையை இரண்டு தடவை போடமாட்டார்கள். எவர்சில்வர் தட்டு என்றால் கழுவும் இடத்தில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிவிடலாம்.

இதை மூன்று மாதம் தேதி போட்டு, பக்கத்தில் கிழமையும் திதியும் குறித்துவந்தால், அந்தக் கூடத்துக்கே உரிய ஏற்ற இறக்கம் தெரிய ஆரம்பிக்கும். அமாவாசைக்கு எவ்வளவு கூடுகிறது, சந்தை நாளில் எவ்வளவு, பள்ளி விடுமுறையில் எவ்வளவு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. மழை பெய்தால் கூட்டம் குறையும் என்று பொதுவாக நினைப்பார்கள். கூலி வேலை நின்றுபோன மழை நாளில் கூடவும் செய்யும். பக்கத்து ஊர்க் கூடத்தின் அனுபவத்தைக் கடன் வாங்கி இதை முடிவு செய்ய முடியாது, சொந்த நோட்டுதான் சொல்லவேண்டும்.

அடுத்தது உலைக் கணக்கு. மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் சாப்பிடும் கூடத்துக்கும் இதையே தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் குறைவாகச் சாப்பிடுவார்கள், சுமை தூக்குகிறவர் இரண்டு மடங்கு சாப்பிடுவார், கூட்டிக் கழித்தால் இந்த அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இருநூறு பேருக்கு அரிசி 30 கிலோ. சாம்பாரோடு காயும் சேர்வதால் துவரம்பருப்பு 5 கிலோ போதும். காய், நறுக்கியபிறகு 20 கிலோ. இந்த ‘நறுக்கியபிறகு’ முக்கியம். கீரையிலும் சேனையிலும் கழிவு போவதுபோலத் தக்காளியில் போகாது. சந்தையில் வாங்கிய எடையை அப்படியே இலை எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கு தவறிவிடும்.

இந்த எண்களெல்லாம் முதல் மாதத்துக்கு மட்டும்தான். அதன்பிறகு கூடம் தன் அளவைத் தானே கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். இன்று உக்கிராணத்திலிருந்து எடுத்த அரிசி 30 கிலோ, சாப்பிட்டவர்கள் 204 பேர், ஆக ஓர் இலைக்கு 147 கிராம். பெரும்பாலான இடங்களில் அரிசி எடுத்தது ஒரு நோட்டில் இருக்கும், வந்தவர் எண்ணிக்கை வேறொரு நோட்டில், அல்லது யாரோ ஒருவர் மனதில் இருக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் ‘இலைக்கு எத்தனை கிராம்’ என்று ஒரு கட்டம் போட்டால், அந்த நோட்டு பேச ஆரம்பித்துவிடும். எவ்வளவு வாங்குவது, எவ்வளவு அடுக்கி வைப்பது, எங்கே கசிகிறது ஆகிய மூன்று கேள்விக்கும் பதில் அந்தக் கட்டத்திலிருந்துதான் வருகிறது.

எடுக்கும் அளவு எடையாக இருக்கவேண்டும். படியால் அளப்பது நம் பழக்கம்தான், ஆனால் ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் கோபுரமாக அள்ளிப் போடுவார். முப்பது கிலோ அளந்து முடிப்பதற்குள் இந்தக் கைவாகே சில கிலோவைத் தின்றுவிடும். உக்கிராண வாசலில் ஒரு தராசு வைத்தால் இந்த வம்பு இல்லை.

எண்ணிக்கை எவ்வளவு தேறினாலும் நாளை வரப்போகிறவர்களை முழுதாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு அனுபவமுள்ள சமையல்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முப்பது கிலோ எடுத்தாலும் முதல் உலையில் இருபத்திரண்டு கிலோவைத்தான் போடுவார்கள். மீதி எட்டு கிலோவைக் களைந்து, வெந்நீரை அடுப்பில் கொதிநிலையில் வைத்திருப்பார்கள். முதல் பந்தி உட்கார்ந்து வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தபிறகுதான் இரண்டாம் உலை. கூட்டம் இல்லையென்றால் அதில் நான்கு கிலோ மட்டும் போட்டு, மிச்சத்தை வடிகட்டி மறுநாள் காலை முதல் உலையில் சேர்க்கக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். குளிர்பெட்டி இல்லாத இடத்தில் களையாமலே வைத்திருப்பது நல்லது. களையாத அரிசி உக்கிராணத்துக்குத் திரும்பிப் போகலாம், வெந்த சோறு போக முடியாது. சூடு ஆறிய சோற்றைச் சாயங்காலம்வரை வெளியில் வைத்திருந்து யாருக்காவது கொடுப்பது ஆபத்து. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

வாங்கும் இடத்துக்கு வருவோம். நாளுக்கு 30 கிலோ என்றால் மாதத்துக்கு 900 கிலோ. கடையில் இன்று அதிகம் கிடைப்பது 26 கிலோ மூட்டை. முன்பு 25 கிலோவாக இருந்தது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசி 25 கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று வந்ததும், ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டிப்போட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தன. மாதத்துக்கு 35 மூட்டை வாங்கினால் 910 கிலோ. நோட்டில் பழைய பழக்கத்தில் ‘35 மூட்டை, 25 கிலோ வீதம்’ என்று எழுதிவிட்டால் 35 கிலோ கணக்கில் வராமலே போகும். கூடத்தின் ஒரு நாள் சோற்றைவிட அது அதிகம்.

எண்ணெயில் இதே போல இன்னொரு குழி இருக்கிறது. டின்களில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் 15 லிட்டர் ஏறத்தாழ 13.7 கிலோதான். இரண்டு கடையில் விலை கேட்டு, டின் விலை குறைவாக இருந்த இடத்தில் வாங்கிவிட்டு, ஏன் எண்ணெய் இந்த மாதம் சீக்கிரம் தீர்கிறது என்று சமையல்காரரைச் சந்தேகப்படுவது நடக்கக்கூடியது. கிலோவுக்கு என்ன விலை என்று மாற்றிப் பார்த்தபிறகே ஒப்பிடவேண்டும்.

எதை எவ்வளவு நாளைக்கு வாங்குவது என்பதில் ஒரே விதி எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. புளியும் வற்றலும் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும்போது ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிவிடலாம். கொட்டை எடுத்துக் காயவைத்து உப்புப் போட்டு அடைத்த புளி வருஷம் தாங்கும், நிறம்தான் கருக்கும். துவரம்பருப்பு ஒரு மாதத்துக்கு. எண்ணெயும் அரைத்த பொடிகளும் இரண்டு வாரத்துக்குமேல் தேவையில்லை. அரிசி ஒன்றரை மாதம் எல்லை. அதற்குமேல் அடுக்கினால் விலையில் மிச்சம் பிடித்ததை வண்டு தின்றுவிடும். மறுபடி வாங்கச் சொல்லவேண்டிய நாளையும் நோட்டே சொல்லும். கடைக்காரர் சரக்கு அனுப்ப நான்கு நாள் ஆகும், அமாவாசைக் கூட்டத்துக்கும் வண்டி தாமதத்துக்கும் இன்னும் மூன்று நாள் கையில் இருக்கட்டும் என்றால், ஏழு நாள் அரிசி, அதாவது 210 கிலோ. சுவரில் எட்டு மூட்டை உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்: அடுக்கு கோட்டுக்கு இறங்கினால் கடைக்குப் போன் போடவேண்டும்.

மூட்டையை இறக்குமுன் ஒரு பிடி அரிசியை வேகவைத்துப் பார்க்கும் கூடங்கள் நிறைய நஷ்டத்திலிருந்து தப்பிக்கின்றன. ஏன் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் 200 பேர் கூடத்தில் நாலு மாதமாக இலைக்கு 147 கிராமில் ஓடிக்கொண்டிருக்கிறது. தை மாதம் பிறந்து பத்து நாளில் அது 155 ஆகிறது, பிறகு 165, கடைசியில் 171இல் போய் நிற்கிறது. சாப்பிடுகிறவர்கள் அதே ஆட்கள், அதே எண்ணிக்கை. சோறு மீதியும் இல்லை. இந்த இடத்தில்தான் பல கூடங்களில் மனஸ்தாபம் வருகிறது. உக்கிராணக்காரர் கேட்கிறார், “என்ன மாஸ்டர், அரிசி ஏன் இவ்ளோ இழுக்குது?” மாஸ்டர் பதிலுக்கு, “நீங்க குடுக்கறத நான் உலையில போடறேன். சோறு காணலேன்னா நான் என்ன சாமி பண்ணட்டும்?” என்கிறார். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

நோட்டைப் புரட்டினால், அளவு ஏற ஆரம்பித்த நாளும் புது லாரிச் சரக்கைப் பிரித்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய அரிசி கிலோ 50 ரூபாய் என்றும், புதிதாக வந்தது கிலோவுக்கு நான்கு ரூபாய் மலிவாக 46 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒவ்வொரு கிலோ எடுத்துத் தனித்தனியாக வடித்து நிறுக்கிறார்கள். பழைய அரிசியில் ஒரு கிலோவுக்கு 2.8 கிலோ சோறு, புதியதில் 2.4 கிலோ. சம்பா அறுவடையானதும் உடனே ஆலைக்குப் போய் வந்த புது அரிசி அது. புது அரிசி தண்ணீரைக் குறைவாக இழுக்கும், கொஞ்சம் அசந்தால் குழையும், பழைய அரிசிபோலப் பூத்து வராது. இலைக்கு விழும் சோறு அதே 411 கிராம்தான், ஆனால் அதற்கு 147 கிராம் போதுமான இடத்தில் இப்போது 171 கிராம் வேண்டியிருக்கிறது. பழைய அரிசியில் இலைக்கு 7 ரூபாய் 35 காசு ஆனது, மலிவு அரிசியில் 7 ரூபாய் 87 காசு ஆகிறது. மாதத்துக்கு ஐந்து மூட்டைக்குமேல் கூடுதல் செலவு. யாரும் திருடவில்லை, யாரும் கொட்டிச் சிந்தவில்லை. விலையைக் கிலோவுக்குக் கேட்டார்கள், இலைக்குக் கேட்கவில்லை.

நோட்டில் சரக்கு பிரித்த தேதியும் இலைக்கு ஆன கிராமும் இல்லாவிட்டால் இந்த விஷயம் வெளிப்பட்டே இருக்காது. ஒரு நல்ல சமையல்காரர் கெட்ட பெயரோடு வேலையைவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு வகை ஏற்றமும் உண்டு. கிராம் மெல்ல ஏறாமல், குறிப்பிட்ட சில நாள் மட்டும் திடீரென்று குதித்துவிட்டு இறங்கும். அந்த நாட்களில் சாவி யாரிடம் இருந்தது, எடை போட்டது யார் என்று பார்க்கவேண்டியதுதான். எடுத்துக் கொடுப்பவரும் வாங்கிச் சமைப்பவரும் ஒரே வரியில் இரண்டு கையெழுத்துப் போடும் பழக்கம் இதற்காகத்தான். சந்தேகப்படுவதற்கு முன் மூட்டையையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். 26 என்று அச்சிட்ட மூட்டை 25.3 காட்டுவதும் உண்டு. இறக்கும்போதே பத்து மூட்டைக்கு ஒன்று என்று தராசில் ஏற்றினால் கடைக்காரரிடம் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுக்கும் விதத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: சுவரை ஒட்டி, தரையில் நேராக. தரையின் ஈரம் அடி மூட்டைக்கு ஏறும், சுவரோரம் எலிக்குப் பாதை ஆகும். மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஆள் சுற்றிவர இடம் விட்டு அடுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். அடுப்படிக்கு அடுத்த அறை வசதிதான், ஆனால் உலை நீராவி கதவிடுக்கு வழியே உள்ளே வந்து படியும். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே மழை ஈரம், உள்ளே நீராவி என்று இரண்டும் சேர்ந்தால் அரிசி கட்டிபிடித்துப் பூஞ்சை வாடை வரும். ஒவ்வொரு மூட்டையிலும் வந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதி, பழைய தேதியை முன்னால் வைத்தால், எடுப்பவர் யோசிக்காமலே பழையதை முதலில் எடுப்பார்.

வண்டு விஷயத்தில் ஒரு உண்மை பலருக்குத் தெரியாது. அரிசி வண்டு முட்டையை மணிக்குள்ளேயே இடுகிறது. புழுவும் மணிக்குள்ளேயே வளர்கிறது. சுத்தமாகத் தெரிந்த மூட்டையில் ஒரு மாதம் போல ஆனதும் திடீரென்று வண்டு ஊர்வது அதனால்தான். வெளியிலிருந்து வந்ததல்ல, ஆலையிலிருந்தே கூட வந்தது. மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டால் உள்ளே கதகதப்பாக இருப்பதும், அடியில் மாவுபோலத் தூள் சேர்வதும் முன்னறிகுறி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஒரு சிறிய பொறி இதற்குக் கைகொடுக்கும். சுற்றிலும் நுண்துளை இட்ட குழாய் அது. அரிசிக்குள் செங்குத்தாகச் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளைவழியே உள்ளே நுழைந்து அடியிலுள்ள கிண்ணத்தில் விழுந்துவிடும், ஏறி வர முடியாது. வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் திருகிப் பார்த்து, விழுந்த வண்டுகளின் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதலாம். இரண்டு, மூன்றாக இருந்தது இருபதாக ஆனால் அந்த மூட்டையை உடனே சலித்து முதலில் செலவழிக்கவேண்டும்.

வண்டு வந்த அரிசியைச் சித்திரை வெயிலில் கொட்டிக் காயவைப்பது தவறு. மணி வெடித்துக் குருணையாகிவிடும். நிழலில் பரப்பிச் சலித்தால் போதும். இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கிடங்குகளில் புகைமூட்டப் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாரோ கொடுத்தார்கள் என்று உக்கிராணத்தில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள், ஆள் நடமாட்டமில்லாத கிடங்கில், முறையாக மூடிச் செய்யும் வேலை அது.

தானமாக வரும் சரக்குக்குத் தனி வரி வேண்டும். பிறந்த நாளுக்கு ஒருவர் இரண்டு மூட்டை பொன்னி கொடுப்பார், திதிக்கு இன்னொருவர் ஒரு மூட்டை இட்லி அரிசி இறக்கிவிட்டுப் போவார், அறுவடை நாளில் ஒரு விவசாயி தக்காளியை வண்டியோடு நிறுத்துவார். அன்போடு வந்ததை நிறுக்கக் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாமல் நிறுத்து, என்ன ரகம் என்று எழுதி, தனியே அடுக்கவேண்டும். இரண்டு ரக அரிசியை ஒரே உலையில் கலந்தால் ஒன்று குழைந்தும் மற்றொன்று வேகாமலும் நிற்கும். தக்காளியை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை அன்றே பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துக்கு அனுப்பி, அனுப்பிய எடையையும் எழுதிவிடலாம். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்கிறோம் என்று வருகிறவர்களிடம் சொல்லும் தொகையும் இந்த நோட்டிலிருந்துதான் வரவேண்டும். எப்போதோ நிர்ணயித்த தொகையையே சொல்லிக்கொண்டிருந்தால், துண்டு விழுவது மாதக் கடைசியில்தான் தெரியும்.

மாதம் ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு இருப்பதை எல்லாம் நிறுக்கவேண்டும். முதல் தேதி இருப்பு, கூட வரவு, கழிக்கச் செலவு, வருவதுதான் கையிருப்பாக இருக்கவேண்டும். சலித்த தூசி, கல், கிழிந்த மூட்டையில் சிந்தியது என்று கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்கும் ஒரு கட்டம் உண்டு. 900 கிலோ புழங்கிய மாதத்தில் மூன்று, நான்கு கிலோ குறைந்தால் அது நேர்மையான நோட்டு. மாதாமாதம் கிராம் பிசகாமல் பூஜ்யம் காட்டும் நோட்டைத்தான் எடுத்து வைத்து நன்றாகப் பார்க்கவேண்டும். இருப்பைப் பார்த்துவிட்டுச் செலவை எழுதியிருப்பார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பாத்திரம் கழுவி முடியும் நேரத்தில் உக்கிராணக்காரர் அன்றைய வரியை முடிக்கிறார். இலை 204, அரிசி 30, பருப்பு 5, சோறு மீதி இரண்டு கிலோ, வண்டு இரண்டு. அடுத்த வரியில் நாளைய தேதியைப் போடுகிறார். அமாவாசை. போன மூன்று அமாவாசைக்கும் இலை 290, 305, 298. முந்நூறு இலையோடு கிழிசலுக்கென்று இருபது சேர்த்து எடுத்து வைக்கச் சொல்கிறார். அரிசி 45 கிலோ நிறுத்து, 33ஐ ஒரு அண்டாவிலும் இரண்டாம் உலைக்கான 12ஐ மூடிபோட்ட இன்னொன்றிலும் தனித்தனியாகக் கொட்டுகிறார். அடுக்கு சிவப்புக் கோட்டுக்கு ஒரு மூட்டை மேலே நிற்கிறது. கடைக்காரருக்கு இப்போதே போன் போட்டுவிடுகிறார்.